ஏற்றி எழுதிய கட்டிடம் ஐந்து வருடம் கழித்து இறங்கியபோது: உங்கள் அனுபவம் என்ன?

பல்லடத்துக் கணக்கர்:

பல்லடம் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். குடும்பத்துக் கம்பெனிதான், பிரைவேட் லிமிடெட். போன வருடக் கணக்குகளைத் திரும்பப் பார்க்கும்போது ஒரு விஷயம் இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் செய்த தப்பு பேலன்ஸ் ஷீட்டில் வெளியே தெரியவே தெரியாத வகை.

2018 மார்ச்சில் பேங்க் லிமிட்டைக் கூட்டக் கேட்கும் எண்ணத்தில், இடத்தையும் கட்டிடத்தையும் வேல்யூவரை வைத்து மறுமதிப்பீடு செய்தோம். கட்டிடத்துக்கு ஆன செலவு 1 கோடியே 20 லட்சம், ஆயுள் 30 வருடம், அதில் 10 வருடம் ஓடியிருந்தது. கழிவு மதிப்பை இங்கே விட்டுவிடுகிறேன். வருடம் 4 லட்சம் தேய்மானம் போய், ஏட்டில் 80 லட்சம் நின்றது. வேல்யூவர் 1 கோடியே 40 லட்சம் போட்டார். கூடிய 60 லட்சத்தை ரீவேல்யூவேஷன் ரிசர்வில் வரவு வைத்தோம். இடத்துக்கு 2 கோடி கூடியது, அதுவும் அதே ரிசர்வுக்குப் போனது. ஒரே லெட்ஜர், 2 கோடியே 60 லட்சம். பின்னால் எல்லாச் சிக்கலும் இந்த ஒரே லெட்ஜரில் இருந்துதான் வந்தது.

பேங்கில் எதுவும் நடக்கவில்லை. நெட்வொர்த் பார்க்கும்போது ரீவேல்யூவேஷன் ரிசர்வைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெடுத்தார்கள். கம்பெனிச் சட்டத்தில் நெட்வொர்த்துக்குச் சொல்லியிருக்கும் அர்த்தத்திலும் அது சேராது. ஆனால் தேய்மானம் ஏறிவிட்டது. 1 கோடியே 40 லட்சத்தை மீதி 20 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 7 லட்சம். முதலாளி முதல் வருடமே கேட்டார்: "ஏனுங்க, கட்டிடத்துக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணலை, லாபத்துல மூணு லட்சம் எங்க போச்சு?" நியாயமான கேள்வி. அந்த 3 லட்சத்தை ஒவ்வொரு மார்ச்சிலும் ரீவேல்யூவேஷன் ரிசர்விலிருந்து ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றினோம். லாப நஷ்டக் கணக்கில் 7 லட்சம் முழுதாகத்தான் நின்றது.

2023 மார்ச்சில் மறுபடி மதிப்பீடு. ஒரு தடவை ஏற்றி எழுதிவிட்டால் அப்படியே விட்டுவிட முடியாது, இடைவெளி விட்டு விட்டுப் பார்த்தாக வேண்டும். கட்டிடம் அப்போது ஏட்டில் 1 கோடியே 5 லட்சம். வேல்யூவர் போட்டது 50 லட்சம். சிமென்ட் ஷீட் கூரை இரண்டு மழைக்காலத்தில் கெட்டுப்போயிருந்தது. அதைவிடப் பெரிய காரணம், சுற்றிலும் சைட் போட்டுவிட்டார்கள். இப்போது வாங்க வருபவர் இடத்துக்காக வருவார், ஷெட்டை இடித்துத்தான் போடுவார். இடம் மட்டும் இன்னொரு கோடி ஏறியிருந்தது.

கட்டிடத்தில் குறைந்தது 55 லட்சம். நான் முழு 55 லட்சத்தையும் ரிசர்வில் பற்று வைத்தேன். ரிசர்வில் 2 கோடியே 45 லட்சம் இருந்ததால் டேலியில் எங்கேயும் இடிக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்த பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல கட்டிடத்தோடது எவ்வளவுங்க?"

60 லட்சத்தில் ஐந்து வருடமாக 15 லட்சம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. கட்டிடத்தின் பேரில் மிச்சம் 45 லட்சம்தான். அதுவரைக்கும் ரிசர்வில் எழுதலாம், மீதி 10 லட்சம் லாப நஷ்டக் கணக்குக்குத்தான். இடத்தின் உபரியைத் தொடக் கூடாது. அந்த வருடம் எங்களுக்கு அதுவே பெரிய அடி.

சரி பார்க்க அவர் சொல்லிக் கொடுத்த வழி இது. மறுமதிப்பீடே செய்யாமல் இருந்திருந்தால், 80 லட்சத்தில் ஐந்து வருடம் நாலு நாலு லட்சமாகப் போய் 60 லட்சம் நின்றிருக்கும். இப்போதைய மதிப்பு 50. வித்தியாசம் அதே 10 லட்சம். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் என்ட்ரி சரி. இதே மாதிரி இறங்கியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஈரோடு, பழைய கை:

தம்பி, நான் முப்பது வருடமாக மில் கணக்கு பார்த்தவன். அந்த 3 லட்சத்தை ஜெனரல் ரிசர்வுக்கு ஏன் கொண்டுபோனீர்கள்? தேய்மானம் 7 லட்சம் எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே ரிசர்விலிருந்து 3 லட்சம் கழித்துக் காட்டினால் லாபத்தில் 4 லட்சம்தானே போகும்? நாங்கள் எல்லா மில்லிலும் அப்படித்தான் எழுதினோம். முதலாளிகளும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டிடத்துக்கும் இடத்துக்கும் தனித்தனி லெட்ஜர் என்பது சத்தியமான பேச்சு.

கோவை, ஆடிட் ஆபீஸ்:

ஐயா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. 2014 ஏப்ரலில் கம்பெனிச் சட்டத்தின் ஷெட்யூல் 2 வந்தபோதே அந்த வழி அடைபட்டது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் வருடங்களுக்குத் திருத்திய கணக்கியல் தரம் ஏஎஸ் 10 வந்தபோது, அது எழுத்திலேயே இருக்கிறது: உபரியிலிருந்து எடுப்பது லாப நஷ்டக் கணக்கு வழியாகப் போகக் கூடாது, நேராக ரெவின்யூ ரிசர்வுக்குத்தான். இன்ட் ஏஎஸ் 16 பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். பழைய பழக்கத்தில் கூடுதல் தேய்மானத்தை லாப நஷ்டக் கணக்கிலேயே கழித்துக் காட்டும் கணக்குகள் எங்கள் ஆபீஸுக்கு இன்னமும் வருகின்றன. பிடிப்பது சுலபம். லாப நஷ்டக் கணக்கிலுள்ள தேய்மானமும் சொத்து அட்டவணையில் அந்த வருடத்துக்குப் போட்ட தேய்மானமும் ஒத்துப்போகாது.

வருமான வரிக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. வாங்கிய விலையில் வரும் பிளாக்கின் மேல்தான் அங்கே தேய்மானம். ஏற்றி எழுதிய 60 லட்சத்துக்கும் சலுகை இல்லை, இப்போது எழுதிய 10 லட்சம் நஷ்டத்துக்கும் இல்லை.

சோமனூர் தறிக்காரர்:

எனக்கும் இதே நடந்ததுங்க. 2017 ஜூன்ல அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சாங்கல்ல, எங்க தறிக்கூடத்து இடத்துக்கும் குறைஞ்சுது. அப்போ நாங்களும் அந்த அளவு ஏட்டுல குறைச்சு எழுதியிருக்கணுமா? யாரும் சொல்லலையே, இப்ப பயமா இருக்கு.

கோவை, ஆடிட் ஆபீஸ்:

பயப்பட வேண்டாங்க அண்ணா. வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவுக்கு. சந்தையில் அந்த இடம் என்ன போகும் என்பது வேறு. அந்த வருடம் வழிகாட்டி மதிப்பு குறைந்தது, அதனால் சோமனூரில் யாரும் சென்ட்டுக்கு விலை குறைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். அதோடு நீங்கள் ஏற்றி எழுதவே இல்லை, வாங்கிய விலையில்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்தப் பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

கரூர் டெக்ஸ்டைல்:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் அந்த வருடாந்திர மாற்றத்தைச் செய்யவே இல்லை. விதியில் "மாற்றலாம்" என்றுதான் இருக்கிறது, "மாற்ற வேண்டும்" என்று இல்லை. சொத்தை விற்கும்போதோ கழிக்கும்போதோ மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணக்கையே அப்படிப் பாருங்கள். ரிசர்வில் கட்டிடத்துக்கு முழு 60 லட்சம் நின்றிருக்கும், 55 லட்சமும் அதிலேயே போயிருக்கும், லாபத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. நீங்கள் வருடா வருடம் மாற்றியதால்தான் 10 லட்சம் அடி.

பல்லடத்துக் கணக்கர்:

இதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒரு உறுத்தல் இருக்கிறது. அப்படி எழுதினால் கட்டிடம் 50 லட்சத்தில் நிற்கும், அதாவது வாங்கிய விலைக் கணக்கில் வரும் 60-க்கும் கீழே. ஆனாலும் ரிசர்வில் அந்தக் கட்டிடத்தின் பேரில் 5 லட்சம் "உபரி" மிச்சம் இருக்கும். விலையே இறங்கிப்போன சொத்துக்கு ஏது உபரி? எனக்கு அந்த 10 லட்சம் லாபத்தில் தெரிவதுதான் உண்மையாகப் படுகிறது.

கோவை, ஆடிட் ஆபீஸ்:

கரூர் அண்ணா சொல்வது எழுத்துப்படி தப்பில்லை, இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது. எங்கள் ஆபீஸிலேயே இரண்டு பேருக்கு இரண்டு கருத்து. நான் வற்புறுத்துவது ஒன்றுதான். ஆரம்பத்தில் எதை எடுத்தீர்களோ அதையே பிடித்துக்கொண்டு போக வேண்டும். விலை இறங்கிய வருடம் பார்த்து, "இனி மாற்றுவதில்லை" என்று சொல்லிப் முன்பு மாற்றியதையெல்லாம் ரிசர்வுக்குத் திருப்பிக் கொண்டுவரும் கணக்கு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

பெருந்துறை அம்மணி:

எங்களுக்கு இரண்டு குடோன். ஒன்று 30 லட்சம் ஏறியது, இன்னொன்று 12 லட்சம் இறங்கியது. இரண்டும் ஒரே காம்பவுண்டு, ஒரே வேல்யூவர், ஒரே ரிப்போர்ட். 18 லட்சம் நிகரமாக ஏற்றம் என்று எழுதி முடித்துவிட்டோம். இதைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. ஒரே வகைச் சொத்து, சேர்த்துத்தானே மதிப்பிட வேண்டும்?

கோவை, ஆடிட் ஆபீஸ்:

சேர்த்து மதிப்பிட வேண்டும் அக்கா, சேர்த்துக் கழிக்கக் கூடாது. ஒரு வகையில் ஒன்றை மட்டும் ஏற்றி எழுதிவிட்டு மற்றதை விடக் கூடாது என்பதற்காகத்தான் வகை முழுவதும் என்கிறார்கள். எழுதுவது ஒவ்வொரு சொத்துக்கும் தனி. இறங்கிய குடோனுக்கு முன்னால் உபரி இல்லை என்றால் அந்த 12 லட்சம் முழுதாக லாப நஷ்டக் கணக்கில் வந்திருக்க வேண்டும், ரிசர்வில் 30 லட்சம் நிற்க வேண்டும். எந்த வருடத்துக் கணக்கு, தாக்கல் ஆகிவிட்டதா என்று உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பல்லடத்துக் கணக்கர்:

எங்கள் முதலாளியும் இதையேதான் கேட்டார்: "இடம் ஒரு கோடி ஏறுச்சு, ஷெட்டு அம்பத்தஞ்சு இறங்குச்சு, மொத்தத்துல ஏத்தம்தானே?" இடமும் அதன்மேல் நிற்கும் ஷெட்டும் ஏட்டில் இரண்டு சொத்து என்று புரிய வைக்க ஒரு மத்தியானம் ஆனது. இடத்துக்குத் தேய்மானம் கிடையாது, ஷெட்டுக்கு உண்டு, அதனால்தான் தனி என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது சொத்துக்கு ஒரு லெட்ஜர், ஒவ்வொன்றின் கீழும் வாங்கிய விலையில் ஓடியிருந்தால் என்ன நின்றிருக்கும் என்று ஒரு பக்கக் கணக்கு.

அந்தப் பக்கக் கணக்கில்தான் இப்போது ஒரு கேள்வி. 50 லட்சத்துக்கு மீதி 15 வருடம், தேய்மானம் வருடம் சுமார் 3.33 லட்சம். பழைய விலையில் என்றால் 4 லட்சம். மூன்று வருடத்தில் 40-ம் 48-மாக நிற்கும், வித்தியாசம் 10-லிருந்து 8 ஆகிவிடும். அப்போது மதிப்பு மறுபடி ஏறினால், முன்பு லாபத்தில் எழுதிய நஷ்டம் திரும்பும் அளவுக்கு லாபத்திலேயே வரவு வைக்க வேண்டும் அல்லவா? அது 10 லட்சமா, 8 லட்சமா?

கோவை, ஆடிட் ஆபீஸ்:

நான் 8 என்பேன். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் 10 என்கிறார், எழுத்தில் தேய்மானத்தைக் கழி என்று இல்லையே என்பது அவர் வாதம். கட்டிடத்தை இடிக்காமல் கூரை மாற்றப் போகிறீர்களா? மாற்றினால் அந்தச் செலவைத் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த மதிப்பீட்டில் எவ்வளவு ஏற்றம் கூரையால் வந்தது, எவ்வளவு சந்தையால் வந்தது என்று முதலில் பிரிக்க வேண்டியிருக்கும்.