பந்து மடிக்கு வந்தும் பேச முடியாத பையன்: வழி சொல்லுங்கள்

பேச்சு தாமதமான நான்கு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பந்து உருட்டி விளையாடுகிறோம். பந்து யார் மடியில் இருக்கிறதோ, அவர் முறை. "யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை நான் வாய் திறப்பதில்லை. ஒரு சொல்லோ கை நீட்டலோ எது வந்தாலும் போதும். அதை "தம்பிக்கு, இந்தா" என்று நானே சொல்லிக் காட்டுவேன்.

ஒரு பையனுக்கு ஏழு எண்ணும்போதுதான் உதடு குவிகிறது. அதற்குள் பக்கத்துச் சிறுமி அவனுக்காகச் சொல்லிவிடுகிறாள். அவன் பந்தைத் தள்ளிவிட்டுத் தலை குனிகிறான். அவளை அதட்ட மனமில்லை, அவளுக்கும் இப்போதுதான் பேச்சு வருகிறது. என்னோடு தனியாக விளையாடும்போது அவன் "இந்தா" என்கிறான்.

காத்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு வேலை தருகிற விளையாட்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவள் கையில் ஒரு கிலுகிலுப்பை கொடுத்து, அவன் பேசியதும் ஆட்டச் சொல்லலாமா? அது அவனை அவசரப்படுத்துமோ என்று தயங்குகிறேன்.