'லீசன்' என்பதற்கு ஒரு சொல்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளுக்காக

சுகந்தி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்கள் தங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தாமே படித்து விளங்கிக்கொள்வதற்கான ஒரு சிறு கையேட்டை எழுதி வருகிறேன். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழற்சியால் குலைந்த இடங்கள் டி2 வகைப் படங்களில் வெள்ளையாகத் தெரிகின்றன. அறிக்கைகள் இவற்றை 'லீசன்' என்று குறிப்பிட்டு, எண்ணி, எங்கே உள்ளன என்று சொல்கின்றன. நான் முதலில் 'புண்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஓர் அம்மையார் மூளையில் சீழ் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். 'கட்டி' என்றால் எல்லோரும் புற்றுநோயை நினைக்கிறார்கள். 'வெண்புள்ளி' ஏற்கெனவே தோலில் நிறமிழப்பதற்கு வழங்கும் பெயர். அச்சமூட்டாமலும் பொய் சொல்லாமலும் எண்ணுவதற்கு ஏற்றதாகவும் ஒரு சொல் வேண்டும். 'புதிய லீசன்' என்பதை எப்படிச் சொல்வது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

இளவழகன் எழுதியது:

அம்மா, இதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன். ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரே இறுகித் தடித்துப்போவதைக் குறிக்கிறது. எனவே 'தழும்பு' பொருந்தும், எல்லோருக்கும் தெரிந்த சொல்லும்கூட. 'மூளையில் ஐந்து தழும்புகள், முதுகெலும்பில் இரண்டு தழும்புகள்' என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

மருத்துவர் ரேவதி எழுதியது:

இளவழகன் ஐயா சொன்னதில் பாதி சரி. பழைய லீசன்கள் பல உண்மையிலேயே தழும்பாகத்தான் முடிகின்றன. ஆனால் தொடக்கத்தில் அந்த இடம் அழற்சியின் களம். அங்கே இரத்தக் குழாய்ச் சுவரின் காப்பு தளர்ந்திருப்பதால், ஊசி வழியாகச் செலுத்தும் கடோலினியம் மருந்து கசிந்து அந்த இடத்தைப் படத்தில் ஒளிரச் செய்கிறது. இந்த ஒளிர்வு பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களில் அடங்கிவிடும். சில இடங்களில் மயலின் ஓரளவு மீண்டும் படிவதும் உண்டு. சென்ற வாரம் உண்டாகி இன்று ஒளிர்கிற ஒன்றைத் தழும்பு என்றால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நோயாளி எண்ணிக்கொள்வார், அதுவும் மருத்துவம் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்.

இன்னொரு திருத்தம்: பாதிக்கப்படுவது முதுகெலும்பு அன்று, அதன் உள்ளே செல்லும் தண்டுவடம். அறிக்கையில் 'சி3 மட்டத்தில்' என்று இருந்தால், கழுத்தின் மூன்றாம் எலும்புக்கு நேரே உள்ள தண்டுவடப் பகுதி என்று பொருள். எலும்பு இங்கே உயரத்தைக் காட்டும் அளவுகோல் மட்டுமே. இதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதுங்கள், ஏனெனில் எலும்பு தேய்ந்துவிட்டதாக நினைத்து எலும்பு மருத்துவரிடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லைப் பொறுத்தவரை, 'சிதைவு' நிகழ்வின் பெயர். நாம் எண்ணுவது அது நிகழ்ந்த இடங்களை. ஆகவே 'சிதைவிடம்' என்பது என் முன்மொழிவு.

இடப் பெயர்களிலும் ஒரு கவனம் தேவை. மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில் உள்ளவற்றைச் சில மொழிபெயர்ப்புகள் 'அறையைச் சூழ்ந்த' என்கின்றன. இந்நோயை உறுதிசெய்யப் பயன்படும் மெக்டொனால்ட் வரையறையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சிதைவிடம் இந்த வகையில் சேர, அது அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இடையில் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள் இருக்கக் கூடாது. மூளையின் வெளி அடுக்கான புறணிக்கும் அப்படித்தான். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் வெள்ளைப் பொட்டுகள் இரத்த அழுத்தத்தாலும் ஒற்றைத் தலைவலியாலும் வயதாலும் வரக்கூடும். 'சூழ்ந்த' என்றாலும் 'அருகிலுள்ள' என்றாலும் அந்த வேறுபாடு மறைந்துவிடும். 'அறையை ஒட்டிய', 'புறணியை ஒட்டிய' என்பவையே நோயறிதலுக்கு உதவும் சொற்கள்.

கணேசன் எழுதியது:

நான் மொழியறிஞன் அல்லன். என் தங்கைக்கு இந்த நோய் இருப்பதால் எழுதுகிறேன். 2022 பிப்ரவரியில் எடுத்த படத்தில் மூளையில் ஒன்பது இடங்கள் என்றார்கள். மார்ச்சில் மருந்து தொடங்கினோம். 2023 அக்டோபரில் வேறு ஊரில் எடுத்த படத்தில் பன்னிரண்டு, 'மூன்று புதியவை' என்று வந்தது. மருந்து பயனளிக்கவில்லை என்று சொல்லி மாற்றப் போனார்கள். அவள் பல இரவுகள் உறங்கவில்லை. எந்த மருந்துக்கு மாறுவது நல்லது என்று இங்குள்ள மருத்துவர் சொல்ல இயலுமா?

மருத்துவர் ரேவதி எழுதியது:

கணேசன் அவர்களுக்கு, மருந்து பற்றி இக்குழுவில் சொல்வது முறையாகாது, தங்கையின் நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆயினும் உங்கள் அனுபவம்தான் சுகந்தியின் இரண்டாவது கேள்விக்கு உயிர் தருகிறது. இரண்டு படங்களையும் ஒருவர் அருகருகே வைத்துப் பார்த்தாரா? மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் படத் தளங்களின் தடிமன் என்ன?

கணேசன் எழுதியது:

முதலில் பார்க்கவில்லை. பழைய அறிக்கையின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கழித்திருக்கிறார்கள். பிறகு நாங்கள் குறுந்தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழையது 5 மில்லிமீட்டர் தளங்கள், நடுவே இடைவெளியும் உண்டு, புதியது 1 மில்லிமீட்டர். மறுபடி படித்தவர் சொன்னது இது: புறணியை ஒட்டிய 3 மில்லிமீட்டர் இடம் பழைய படத்திலும் மங்கலாக இருக்கிறது. இன்னொன்று பழைய படத்தின் இரு தளங்களுக்கு நடுவே விழுகிறது, ஆகவே எதுவும் சொல்ல முடியாது. அறையை ஒட்டிய மூன்றாவது 6 மில்லிமீட்டர், பழைய தளம் நேராக அதன் வழியே செல்கிறது, அங்கே எதுவும் இல்லை. எதுவும் ஒளிரவில்லை.

மருத்துவர் ரேவதி எழுதியது:

அப்படியானால் மூன்றில் ஒன்று மட்டுமே ஐயமின்றிப் புதியது. அதுவும் 2022 பிப்ரவரிக்கும் 2023 அக்டோபருக்கும் இடையில் எப்போது உண்டாயிற்று என்று சொல்ல முடியாது. ஒளிராததால் படமெடுத்த நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே உண்டாகியிருக்கலாம் என்பதற்கு மேல் அது காலத்தைக் காட்டாது. மருந்து முழுமையாக வேலை செய்யத் தொடங்கும் முன்பே அது வந்திருந்தால், அதை மருந்தின் தோல்வி என்று எண்ண இயலாது. இதற்காகத்தான் மருந்து தொடங்கி மூன்று முதல் ஆறு மாதங்களில் ஒரு புது அடிப்படைப் படம் எடுத்து, பிந்தையவற்றை அதனோடு ஒப்பிட வேண்டும் என்று 2021இல் வெளிவந்த பன்னாட்டுப் பரிந்துரை கூறுகிறது. உங்கள் தங்கைக்கு அந்தப் படம் எடுக்கப்படவில்லை போலும்.

சுகந்தி எழுதியது:

கணேசன் அவர்கள் இதை எழுதியதற்கு நன்றி. நான் 'புதிதாகத் தோன்றிய சிதைவிடம்' என்று எழுதவிருந்தேன். இப்போது அது தவறு என்று தெரிகிறது. தமிழில் 'தோன்றுதல்' பிறப்பதையும் குறிக்கும், கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கும். அறிக்கையில் பிரிக்க வேண்டியது இவ்விரண்டையும்தான். ஆகவே முந்தைய படத்தில் அந்த இடம் நன்றாகத் தெரிந்து, அங்கே எதுவும் இல்லை என்று உறுதியானால் 'புதிதாக உண்டான' என்றும், முந்தைய படம் அதைக் காட்டும் தரத்தில் இல்லாதபோது 'முதன்முறை தென்படும்' என்றும் எழுதலாம். இரண்டிலும் ஒப்பிட்ட படத்தின் நாள் கட்டாயம் இருக்க வேண்டும்: '2022 பிப்ரவரிப் படத்துக்குப் பின் புதிதாக உண்டானது 1, முதன்முறை தென்படுவது 1'.

இளவழகன் எழுதியது:

தழும்பை மீட்டுக்கொள்கிறேன், தண்டுவடம் பற்றியும் கற்றுக்கொண்டேன். 'உண்டான', 'தென்படும்' என்ற பிரிவை மனமார ஏற்கிறேன். ஆனால் 'சிதைவிடம்' என் காதில் இன்னமும் கடுமையாக விழுகிறது. சிதைதல் என்றால் உருக்குலைந்து அழிதல். மயலின் ஓரளவு மீளும் என்று மருத்துவரே சொல்கிறார். கேடுற்ற இடம் என்ற பொருளில் 'ஊறிடம்' எனலாமா? மீள்வதற்கு அதில் இடமுண்டு.

மருத்துவர் ரேவதி எழுதியது:

பொருள் பொருந்துகிறது, ஐயா. ஆனால் 'ஊறு' என்றதும் பலருக்கு நீர் ஊறுவதுதான் நினைவுக்கு வரும். மூளையில் நீர் கோத்தல் வேறொரு நோய் என்பதால், அந்தக் குழப்பம் எனக்குக் கவலை தருகிறது.

சுகந்தி எழுதியது:

அடுத்த வரைவில் ஒரே பத்தியை இரு சொற்களாலும் எழுதி, நோயாளிகள் ஆறேழு பேரிடம் தனித்தனியாகக் காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டு வருகிறேன். கணேசன் அவர்களே, தங்கை விரும்பினால் அவரும் படித்துப் பார்க்கட்டும்.