பாட்டில் அடியில் ஒரு தேதி, கழுத்தில் ஒரு தேதி: எது டூப்ளிகேட்?

இரண்டாம்_கியர்:
ஒரே கம்பெனி, ஒரே கிரேடு இன்ஜின் ஆயில், இரண்டு பாட்டில். முதல் பாட்டிலில் பேட்ச் நம்பர் கழுத்தில் கருப்புப் புள்ளிகளாக இருக்கிறது. இரண்டாவதில் பின்பக்கம் கீழே, சுரண்டியது போல வெளிறிப்போய் இருக்கிறது. லேபிள் நிறமும் கொஞ்சம் வேறு. கூடவே ஒரு பிரேக் பேட் பெட்டி, அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் "ஒரிஜினல்" என்றுதான் வருகிறது. படங்கள் போட்டிருக்கிறேன். எது டூப்ளிகேட்?

தார்ச்சாலை:
இதில் என்ன சந்தேகம், இரண்டாவது பாட்டில்தான். சிவப்பு நிறத்தைப் பாருங்கள், வெளுத்துப் போயிருக்கிறது. கம்பெனி தளத்தில் உள்ள படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. பேட்ச் நம்பர் இடம் மாறினாலே டூப்ளிகேட், நான் பத்து வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

கிரீஸ்_கை:
நிறத்தை விட்டுவிடுங்கள். முதல் படம் வெயிலில் எடுத்தது, இரண்டாவது டியூப்லைட் கீழே. போனே தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும். கம்பெனி தளத்தில் இருப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைந்த பாட்டில், அதோடு எதை ஒப்பிட்டாலும் ஒட்டாது.

பேட்ச் நம்பர் இடம் மாறுவதும் தனியாக ஒன்றும் சொல்லாது. ஒரு ஆலையில் இங்க்ஜெட், இன்னொன்றில் லேசர். லேசர் அடர்ந்த நிற பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் லேசாகப் பொங்கி வெளிறும், அதைத்தான் தம்பி "சுரண்டியது போல" என்கிறார். எழுத்து புள்ளிபுள்ளியாக இல்லாமல், லேபிளின் மற்ற எழுத்துகளைப் போலவே அதே மையில் வழவழவென்று இருந்தால்தான் எனக்கு உறுத்தும். லேபிள் முன்கூட்டியே மொத்தமாக அச்சாகி வருவது. ஆயிலை என்றைக்கு நிரப்பப் போகிறார்கள் என்று லேபிள் அச்சடிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

தம்பி, இரண்டு பாட்டிலையும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள், மேடு பள்ளம் நிழல் விழுந்து தெரியும். சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும், சுற்றி 1 முதல் 12, நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இரண்டு பக்கமும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள். பாட்டில் வார்த்த மாதம் அது. பேட்ச் நம்பரையும் நிரப்பிய தேதியையும் எழுத்து விடாமல் தட்டச்சு செய்து போடுங்கள். படத்தைச் சாட்டில் அனுப்பி இறக்கிப் போட்டால் சுருங்கிக் குழம்பிவிடும், நேராகப் போடுங்கள்.

செல்வி_82:
எனக்கும் இதே பிரச்சினைதான். சீல் உடைக்காத பாட்டில் வாங்கி ஊற்றினேன், 500 கிலோமீட்டரிலேயே ஆயில் கரியாகிவிட்டது. அப்படியானால் அது டூப்ளிகேட்தானே?

கிரீஸ்_கை:
அக்கா, அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிலில் அழுக்கைக் கரைத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் மருந்து இருக்கிறது, பழைய கரி படிந்த இன்ஜினில் நல்ல ஆயில்தான் சீக்கிரம் கறுக்கும். டீசல் வண்டியில் இன்னும் வேகமாக.

இரண்டாம்_கியர்:
படம் போட்டுவிட்டேன். முதல் பாட்டில்: தேதி 14-03-2024, அடியில் அம்பு 11-ஐக் காட்டுகிறது, இரண்டு பக்கமும் 2, 3. இரண்டாவது: தேதி 09-01-2024, அம்பு 5-ல், இரண்டு பக்கமும் 2, 4.

கிரீஸ்_கை:
முதல் பாட்டில் 2023 நவம்பரில் வார்த்தது, 2024 மார்ச்சில் நிரப்பியது. காலி பாட்டில் நாலு மாதம் கிடங்கில் கிடப்பது சாதாரணம்.

இரண்டாவதுதான் இடிக்கிறது. 2024 மே மாதம் வார்த்த பாட்டிலில் அதே வருஷம் ஜனவரியிலேயே ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை.

தார்ச்சாலை:
நான் முதலிலேயே சொன்னேனே!

கிரீஸ்_கை:
விடை சரி, கணக்குத் தப்பு. நீங்கள் நிறத்தை வைத்துச் சொன்னீர்கள்.

ஊதுகுழல்:
கொஞ்சம் பொறுங்கள். நான் பாட்டில் வார்க்கும் இடத்தில் ஏழு வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். அந்த அம்பு ஒரு சின்ன ஸ்க்ரூ மாதிரி, மாதம் பிறந்ததும் ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டும். மறந்துபோவது சர்வ சாதாரணம். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கிரீஸ்_கை:
மறந்தால் கடிகாரம் பின்தங்கும் அண்ணே, ஜனவரியில் இன்னும் டிசம்பரைக் காட்டும். முன்னே ஓடி மே மாதத்துக்கு எப்படிப் போகும்?

ஊதுகுழல்:
மறந்தால் பின்தங்கும், சரி. திருப்பும்போது கை தவறினால்? இருட்டு மூலையில் அண்ணாந்து கொண்டு திருப்புவார்கள், 1-ல் நிற்க வேண்டியது 5-ல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே மெஷினில் பல குழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். அடியில் பக்கத்திலேயே குழி எண் இருக்கும். அதே பெட்டியில் வேறு குழி எண் உள்ள பாட்டில் கிடைத்தால் அதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆனால் என் கேள்வி அதுவல்ல. 09-01 ஜனவரி 9 என்று யார் சொன்னது? மாதத்தை முன்னால் போட்டால் அது செப்டம்பர் 1.

தார்ச்சாலை:
முதல் பாட்டிலில் 14-03 என்று இருக்கிறது, 14-வது மாதம் கிடையாது. ஆகவே இந்தக் கம்பெனி நாளைத்தான் முன்னால் போடுகிறது. சும்மா வக்காலத்து வாங்காதீர்கள்.

ஊதுகுழல்:
முதல் பாட்டிலை அடித்த பிரிண்டர் நாளை முன்னால் போடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வேறு பிரிண்டர் என்று மேலேயே பேசினோமே. தம்பி, பேட்ச் நம்பரை எழுத்து விடாமல் கிரீஸ்_கை கேட்டாரே, அதைக் காணோம்.

இரண்டாம்_கியர்:
மன்னிக்கவும், விட்டுப்போயிற்று. முதல் பாட்டில் 4074 என்று தொடங்குகிறது, இரண்டாவது 4245. அதற்குப் பின்னால் வருவது எழுத்துகளும் மணி நிமிடமும்.

கிரீஸ்_கை:
ஊதுகுழல் அண்ணே, கும்பிடு. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் எண் வருஷத்தின் கடைசி எண், அடுத்த மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. நிறைய ஆலைகளில் இப்படித்தான் எழுதுவார்கள், ஆனால் இந்தக் கம்பெனியும் அப்படித்தானா என்பதை முதல் பாட்டிலில் சோதித்துப் பார்க்கலாம். 2024-ல் பிப்ரவரிக்கு 29 நாள். ஜனவரி 31, பிப்ரவரி 29, மொத்தம் 60, மார்ச் 14-ஐச் சேர்த்தால் 74. நம்பர் 4074. கச்சிதம். இப்போது இரண்டாவது: ஆகஸ்ட் முடிய 244 நாள், 245-வது நாள் செப்டம்பர் 1. ஜனவரி 9 ஆக இருந்தால் 4009 என்று இருந்திருக்க வேண்டும்.

ஆக, மே மாதம் வார்த்த பாட்டில், செப்டம்பரில் நிரப்பியது, இதுவும் நாலு மாத இடைவெளி. நான் சொன்ன குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன்.

தார்ச்சாலை:
2024 செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அன்று எந்த ஆலை ஓடும்?

ஊதுகுழல்:
நான் வேலை பார்த்த இடம் ஓடியது. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தார்ச்சாலை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். டூப்ளிகேட் போடுபவன் 4245-ஐயும் சேர்த்துக் காப்பி அடிக்க மாட்டானா? இரண்டு பாட்டிலில் ஒரே பேட்ச் நம்பர் வந்தால் பிடித்துவிடலாம், ஒற்றைப் பாட்டிலில் எப்படிப் பிடிப்பீர்கள்?

கிரீஸ்_கை:
ஒரே பேட்ச் நம்பர் வருவது இயல்பு, பேட்ச் என்றாலே ஆயிரக்கணக்கான பாட்டில்கள்தான். மாற வேண்டியது பின்னால் வரும் மணி நிமிடம். வெவ்வேறு பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில்கள் எல்லாவற்றிலும் நிமிடம் கூட மாறவில்லை என்றால் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான்.

ஆனால் காப்பி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேதிகள் முரண்பட்டால் போலி என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒத்துப்போனால் ஒரிஜினல் என்று சொல்லவே முடியாது. இன்னும் மோசமானது, காலி ஒரிஜினல் பாட்டிலை வாங்கி அதிலேயே வேறு ஆயில் ஊற்றுவது. கடிகாரம், பேட்ச், லேபிள் எல்லாமே அசல், உள்ளே இருப்பது மட்டும்தான் வேறு. அதற்குப் பார்க்க வேண்டிய இடம் கழுத்து. மூடிக்குக் கீழே உள்ள வளையமும் மூடியும் மெல்லிய பாலங்களால் இணைந்திருக்கும். அவற்றை நெருக்கத்தில் சுற்றிவர நாலு படம் எடுங்கள். ஒரு முறை இழுபட்ட பாலம் அந்த இடத்தில் வெளுத்திருக்கும், பசை வைத்து ஒட்டியிருந்தால் பளபளக்கும்.

செல்வி_82:
என் பாட்டிலில் மூடிக்குள் இருந்த அலுமினியத் தாள் நகத்தால் தள்ளியதும் முழுசாகக் கழன்று வந்தது. அது?

கிரீஸ்_கை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா! வாயோடு உருகி ஒட்டிய தாள் கிழிந்துதான் வரும், விளிம்பில் ஒரு மெல்லிய படலம் தங்கும். சுத்தமாக உரியும்படி செய்யப்பட்ட தாளும் உண்டு, அதனால் அதே கம்பெனியின் இன்னொரு பாட்டிலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். காலி பாட்டில் இருந்தால் விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செல்வி_82:
பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

ஊதுகுழல்:
காலி பாட்டில் எங்கிருந்து கிடைக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். அடுத்த தடவை ஓட்டை போட்டுக் கொடுங்கள்.

இரண்டாம்_கியர்:
பிரேக் பேட் பற்றி யாரும் சொல்லவில்லையே. க்யூஆர் சரியாகத்தானே வருகிறது?

கிரீஸ்_கை:
தம்பி, க்யூஆரைத் திறக்காமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வெறும் தள முகவரிதான் என்றால் எந்தப் பெட்டியை ஸ்கேன் செய்தாலும் அதே பக்கம்தான் வரும், அதற்கு மதிப்பு பூஜ்யம். பெட்டிக்குப் பெட்டி மாறும் ஒரு எண் கடைசியில் இருந்தால்தான் பேசலாம். முகவரியின் எழுத்துகளையும் பாருங்கள், ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கும் கள்ளத் தளங்கள் உண்டு. அப்புறம் நாலு பேடையும் புரட்டி முதுகுத் தகட்டைப் படம் எடுங்கள்.

இரண்டாம்_கியர்:
வெறும் முகவரிதான். கம்பெனி முகவரியேதான். பேட்களில் வட்டத்துக்குள் ஈ, ஒரு எண், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் நம்பர், பெட்டியில் உள்ளதும் அதுவே. ஆனால் மூன்று பேடில் எஃப்எஃப் என்றும் ஒன்றில் ஈஈ என்றும் இருக்கிறது. அந்த ஒன்றில் பேட்ச் நம்பரும் வேறு.

தார்ச்சாலை:
உள் பேடும் வெளி பேடும் வேறு வேறாகத்தான் இருக்கும். இதெல்லாம் ஒரு விஷயமா?

கிரீஸ்_கை:
வடிவம் வேறாக இருக்கலாம், சென்சார் ஒன்றில் மட்டும் இருக்கலாம். உராய்வுப் பொருள் வேறாக இருக்கக் கூடாது. அந்த எழுத்துகள் பிடிமானத்தின் அளவு, முதல் எழுத்து சாதாரண சூட்டில், இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை. ஒரு சக்கரத்தில் இதையும் மறு சக்கரத்தில் அதையும் போட்டால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியின் சீல் எப்படி இருந்தது?

இரண்டாம்_கியர்:
சாதா டிரான்ஸ்பரண்ட் டேப். அடியில் இன்னொரு கிழிந்த ஸ்டிக்கர் தெரிகிறது.

ஊதுகுழல்:
அப்படியானால் போலி என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். யாரோ வாங்கி, ஒன்றை மாற்றி வைத்துத் திருப்பிக் கொடுத்த பெட்டியாக இருக்கலாம். அந்த 90ஆர் என்பது மாற்று பிரேக் பேடுக்கு ஒப்புதல் தரும் விதி, அதன்படி திறந்தால் தெரியும்படிதான் பெட்டியை மூட வேண்டும், அந்த முதல் ஸ்டிக்கர் அதுதான்.

கிரீஸ்_கை:
ஈஈ பேடின் 90ஆர் நம்பரும் மற்ற மூன்றில் உள்ளதேதானா, கடைசி இலக்கம் வரை? அப்படியென்றால் எனக்கு ஊதுகுழல் அண்ணன் சொல்வது ஒட்டவில்லை. ஒரே ஒப்புதல் நம்பரில் இரண்டு உராய்வுப் பொருள் வரக்கூடாது.

இரண்டாம்_கியர்:
அந்த ஒன்றில் கடைசி இலக்கத்தின் மேல் பெயிண்ட் வழிந்திருக்கிறது. 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் பெட்டி நாளைக்குத் திரும்பப் போகிறது. அதற்கு முன்னால் டார்ச் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுகிறேன்.