புதுப்பிப்பு: தமிழாசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத்தில்

நான் கேட்டது: "பள்ளி ஆசிரியை தமிழில் எழுதித் தந்த பரிந்துரைக் கடிதத்தை நானே ஆங்கிலமாக்கி வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பலாமா?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடிதம் ஏற்கப்பட்டுவிட்டது.

பலன் தந்தது மொழிபெயர்ப்பாளர் அண்ணா சொன்ன வழி. விண்ணப்பிப்பவரே மொழிபெயர்த்தால் சந்தேகம் வரும் என்றார். அதனால் கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் செய்து தந்தார். கடைசியில் தனித்தாளில், இரண்டு மொழியும் தெரியும், மூலத்தில் உள்ளது முழுவதும் சரியாக வந்திருக்கிறது என்று எழுதி, பெயர், முகவரி, தேதியுடன் கையெழுத்திட்டார். டீச்சரின் கையெழுத்து தமிழ் மூலத்தில் மட்டும். மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'கையொப்பம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்தான்.

நோட்டரி போதும் என்றவர் பாதி சரி. நான் கேட்ட நோட்டரி, தன்னால் கையெழுத்துக்குத்தான் சான்று தர முடியும், மொழிபெயர்ப்பின் சரிக்கு அல்ல என்றார். பிறப்புச் சான்றிதழ் அபோஸ்டில் பற்றி எழுதிய தோழிக்கு: அது அரசு ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்குச் சான்று தரும் வேறு வேலை, இதற்குத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது இரண்டு. கடிதத்தில் என் பெயர் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. விரிவுரையாளர் என் பெயரை மாற்றாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடிக்குறிப்பு சேர்த்தார். அடுத்து, "சூட்டிகையான பிள்ளை" என்பதை முதலில் 'ஸ்மார்ட் சைல்ட்' என்று போட்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு அது குழந்தைத்தனமாகப் பட்டது. டீச்சரிடமே கேட்டோம். "சொன்னதும் பிடிச்சுக்குவாம்மா, அதைத்தான் எழுதினேன்" என்றார். அந்த அர்த்தத்தையே வைத்தோம்.

டீச்சரின் மின்னஞ்சலிலிருந்தே கடிதம் போகணும் என்று கேட்கும் கல்லூரிகளுக்கு மொழிபெயர்ப்பை யார் ஏற்றுவது என்பது இன்னும் தெளிவாகவில்லை.