கம்ப்யூட்டரில் பழைய சாட் காணோம், போனில் மட்டும் இருக்கிறது – அவசரம்

பனியன்_கணக்கு
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வரை கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிந்த பழைய மெசேஜ் எல்லாம் இன்று காலை திறந்தால் காணோம். போனில் அப்படியே இருக்கிறது. ஒரு பார்ட்டி ரேட்டில் தகராறு செய்கிறார். போன வருடம் மார்ச்சில் அவரே ஒத்துக்கொண்டு அனுப்பிய மெசேஜை மாலைக்குள் முதலாளிக்கு பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். கம்ப்யூட்டரில் திரும்ப வரவைப்பது எப்படி? சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலம்_செல்வி
எந்த ஆப் என்று சொல்லவே இல்லையே? வாட்ஸ்அப்பா, டெலிகிராமா? பிரவுசரில் பார்க்கிறீர்களா, இல்லை கம்ப்யூட்டரில் தனியாக இன்ஸ்டால் செய்ததா?

ரவுட்டர்_ராஜா
டிஸப்பியரிங் மெசேஜ் யாரோ ஆன் செய்துவிட்டார்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று வகை இருக்கிறது. பார்ட்டியே வேண்டுமென்று போட்டிருப்பார். தகராறு என்றால் இப்படித்தான் தடயத்தை அழிப்பார்கள்.

சேலம்_செல்வி
ராஜா சார், அப்படி மறைந்தால் போனிலும் சேர்ந்தே மறையும். போனில் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ரவுட்டர்_ராஜா
சில நேரம் போனில் மறைய லேட் ஆகும் மேடம். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய_மோடம்
இந்தப் பகுதியில் கேள்வி கேட்பதற்கு முன் படிக்கச் சொல்லி மேலேயே ஒரு பதிவு ஒட்டி வைத்திருக்கிறோம். ஆப் பெயர், பிரவுசர், போன் ஆண்ட்ராய்டா ஐபோனா, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று நான்கே விஷயம். "நன்றாகத் தெரிந்தது, இப்போது காணோம்" என்பதை வைத்து ஜோசியம்தான் சொல்ல முடியும். வருடக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடி_காற்று
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா! டெலிகிராமில் என் நண்பனுடன் பேசியது போனில் இருக்கிறது, ஆபீஸ் லேப்டாப்பில் அந்த சாட்டே வரவில்லை. மற்ற குரூப் எல்லாம் வருகிறது. யாராவது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பனியன்_கணக்கு
மன்னிக்கவும், அவசரத்தில் போட்டுவிட்டேன். வாட்ஸ்அப். குரோமில் web.whatsapp.com. போன் ஆண்ட்ராய்டு, கம்பெனி நம்பர். நான் எதையும் மாற்றவில்லை.

நள்ளிரவு_சர்வர்
பனியன் சார், இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். இன்று காலை திறந்தபோது நேராகச் சாட் வந்ததா, இல்லை க்யூஆர் கோட் காட்டி மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னதா? அடுத்து, அந்தப் பார்ட்டி சாட்டை மேலே உருட்டிக்கொண்டே போனால் எந்தத் தேதியில் நிற்கிறது? வேறு நாலைந்து சாட்டிலும் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே தேதியில் வெட்டினாற்போல நின்றால் காரணம் ஒன்றுதான்.

தூத்துக்குடி தம்பி, உங்களுடையது வேறு கதை. அந்த நண்பனுடன் பேசியது சீக்ரெட் சாட் ஆக இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள். சீக்ரெட் சாட் எந்தக் கருவியில் தொடங்கினீர்களோ அதில் மட்டும்தான் இருக்கும். லேப்டாப்பில் வரவே வராது.

தூத்துக்குடி_காற்று
ஆமாம், பூட்டு இருக்கிறது! பச்சையாக. அப்படியென்றால் காப்பி எடுக்கவே முடியாதா?

ஆல்டர்_டெலீட்
போனில் வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுங்கள். பேக்கப்பிலிருந்து எல்லாம் இறங்கும், அப்புறம் வெப்பிலும் தானாக வந்துவிடும். எனக்கு இரண்டு தடவை இப்படித்தான் சரியானது.

நள்ளிரவு_சர்வர்
பனியன் சார், தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முழு மெசேஜும் பத்திரமாக இருக்கும் ஒரே இடம் இப்போது அந்தப் போன்தான். முதலில் Settings, Chats, Chat backup என்று போய்க் கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள். வெப் எப்போதும் கூகுள் பேக்கப்பைத் தொடுவதே இல்லை, அது போனுக்கு மட்டும்.

பனியன்_கணக்கு
ஐயோ. கடைசி பேக்கப் போன தீபாவளிக்கு முன்னால் எடுத்தது. கூகுள் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று சிவப்பில் காட்டுகிறது.

க்யூஆர் கோட் கேட்டது, ஸ்கேன் செய்தேன். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது என்று சர்வீஸ் தம்பி வந்து ஏதோ கிளீன் செய்துவிட்டுப் போனார். சாட் எல்லாம் நீங்கள் சொன்னதுபோலத்தான், கிட்டத்தட்ட ஒரே தேதியில் நிற்கிறது.

பழைய_மோடம்
"நான் எதையும் மாற்றவில்லை." எதிர்பார்த்ததுதான்.

நள்ளிரவு_சர்வர்
சரி, இப்போது புரிகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் அடுத்த தடவையும் இதே நடக்கும்.

2021க்கு முன்னால் வாட்ஸ்அப் வெப் என்பது போனின் கண்ணாடி. போனில் நெட் இல்லையென்றால் வெப்பும் செத்துவிடும், ஆனால் போனில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். 2021ல் இந்த முறையை மாற்றினார்கள். இப்போது உங்கள் குரோம் தனியாக ஒரு கருவி. ஒரு போனோடு இப்படி நான்கு கருவி வரை இணைக்கலாம், போன் ஆஃப் ஆகியிருந்தாலும் அவை வேலை செய்யும். வாட்ஸ்அப் சர்வரில் பழைய மெசேஜ் எதுவும் சேர்த்து வைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவியும் தன் காப்பியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

க்யூஆர் ஸ்கேன் செய்த நேரத்தில் உங்கள் போன் சமீபத்திய மெசேஜ்களை மட்டும் ஒரு கட்டாகக் கட்டி, பூட்டி, குரோமுக்கு அனுப்புகிறது. மொத்தத்தையும் அனுப்புவதில்லை. அதன் பிறகு வருகிற புது மெசேஜ் எல்லாம் குரோமுக்கு நேராக வந்து அந்தக் கட்டோடு சேர்ந்துகொண்டே போகும். ஆபீஸ் கம்ப்யூட்டரை நீங்கள் எப்போதோ இணைத்து அப்படியே விட்டிருப்பீர்கள், அதனால் போன வருடம் மார்ச்சும் அதில் இருந்தது. சர்வீஸ் தம்பி குரோமில் "குக்கீஸ், சைட் டேட்டா" என்ற பெட்டியையும் டிக் செய்து அழித்திருக்கிறார். அந்தக் காப்பி இருந்ததே அங்கேதான். இன்று காலை நீங்கள் ஸ்கேன் செய்தது புது இணைப்பு, கட்டு இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கிக் கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான்.

சந்தேகம் இருந்தால் குரோமின் முகவரிப் பட்டையில் இதைப் போட்டு whatsapp என்று தேடுங்கள். அந்தத் தளம் கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும்.

```
chrome://settings/content/all
```

சர்வீஸ் தம்பி கை வைக்காத வேறு கம்ப்யூட்டர் ஏதாவது ஆபீஸில் இணைந்திருந்தால் அதையும் பாருங்கள். அதில் இன்னும் பழையது இருக்கலாம். ஒரே நம்பர், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு விதமான வரலாறு என்பது இதில் சாதாரணம்.

சேலம்_செல்வி
சாட்டின் மேல் நுனியில் "Click here to get older messages from your phone" என்று ஒரு வரி வருமே, அதை அழுத்தினால் வராதா?

நள்ளிரவு_சர்வர்
வரும் மேடம், ஆனால் அந்தச் சாட்டுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. போன் ஆன்லைனில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால் நல்லது. சில சாட்டில் அந்த வரிக்குப் பதில் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடும். மாலைக்குள் வேண்டுமென்றால் அதை நம்பி உட்கார வேண்டாம். போனில் பார்ட்டி சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி, More, Export chat, மீடியா இல்லாமல் என்று கொடுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். மீடியா இல்லாமல் கடைசி 40,000 மெசேஜ் வரை எடுக்கலாம், மீடியாவோடு 10,000 வரை. அதைக் கம்பெனி மெயிலுக்கு அனுப்பினால் கம்ப்யூட்டரில் பிரிண்ட்.

ரவுட்டர்_ராஜா
டெக்ஸ்ட் ஃபைலை யார் வேண்டுமானாலும் திருத்தலாமே. பார்ட்டி ஒத்துக்கொள்வாரா? போனில் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் சரி.

சேலம்_செல்வி
இதில் ராஜா சார் சொல்வது சரி. இரண்டும் எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே பார்ட்டி நம்பரும் தெரியட்டும்.

ஆல்டர்_டெலீட்
இத்தனை கூத்துக்கு டெலிகிராமில் வியாபாரம் செய்துவிட்டுப் போகலாம். போன், வெப், டேப் எதில் திறந்தாலும் முதல் நாளிலிருந்து எல்லாம் இருக்கும்.

பழைய_மோடம்
ஏன் இருக்கிறது என்று யோசித்தீர்களா? சாதாரண டெலிகிராம் சாட் முழுக்க அவர்கள் சர்வரில் இருக்கிறது. இருமுனைப் பூட்டு அதில் கிடையாது. சீக்ரெட் சாட்டில்தான் உண்டு, அது வெப்பில் வராது என்று மேலேயே பார்த்தோம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்பது அறியாமை.

ஆல்டர்_டெலீட்
பனியன் ரேட்டில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது சார்? 180 ஜிஎஸ்எம் ரவுண்ட் நெக் பீஸ் என்ன விலை என்று தெரிந்து யார் என்ன செய்யப்போகிறார்கள்?

பழைய_மோடம்
பக்கத்து யூனிட்காரர் அந்த ரேட்டுக்காகவே சாகிறார். திருப்பூர் பக்கம் போனதே இல்லையா நீங்கள்?

சேலம்_செல்வி
தனி இழை தொடங்குங்களேன் இரண்டு பேரும். அவர் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

தூத்துக்குடி_காற்று
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சீக்ரெட் சாட்டைக் காப்பி எடுக்க வழி உண்டா?

நள்ளிரவு_சர்வர்
பேக்கப்பிலோ கம்ப்யூட்டர் எக்ஸ்போர்ட்டிலோ வராது தம்பி. ஆண்ட்ராய்டில் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையே தடுத்துவிடும். போனை மாற்றும் முன் வேண்டியதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பனியன்_கணக்கு
எக்ஸ்போர்ட் வந்துவிட்டது, ரேட் மெசேஜ் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி. முதலாளி லேப்டாப்பில் திறந்து பார்த்தோம், அதில் அந்த மார்ச் மாதம் முழுக்க அப்படியே இருக்கிறது!

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே லேப்டாப்பில் ஸ்டாஃப் குரூப்பில் நடுவில் ஒரு நாளில் சில மெசேஜ் மட்டும் "Waiting for this message. This may take a while" என்று நிற்கிறது. போனில் அதே மெசேஜ் ஒழுங்காகத் தெரிகிறது.

நள்ளிரவு_சர்வர்
அனுப்பியவர் போனிலிருந்து லேப்டாப்புக்கான பூட்டுச் சாவி சரியாக வராமல் போனால் அப்படி நிற்கும். மெசேஜ் வந்திருக்கிறது, லேப்டாப்பால் திறக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அனுப்பியவர் வாட்ஸ்அப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தாரா என்று கேளுங்கள். அவர் ஆன்லைனில் வந்தால் சில சமயம் தானாகத் திறக்கும், பழையதாகிவிட்டால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எல்லாம் ஒரே ஆள் அனுப்பியதா, பலர் அனுப்பியதா?

அப்புறம் முதலாளியிடம் சொல்லி வையுங்கள், கம்பெனி போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்தால் லேப்டாப் இணைப்பு அறுந்துவிடும். திரும்ப இணைத்தால் அதிலும் இந்தப் புதுக் கட்டுதான் வரும்.

ரவுட்டர்_ராஜா
பல பேர் அனுப்பியது என்றால் டிஸப்பியரிங் மெசேஜ்தான், நான் முதலிலேயே சொன்னேன்.

சேலம்_செல்வி
பனியன் சார், ஒரே ஆளா பல பேரா? சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆல்டர்_டெலீட்
ஆளைக் காணோம். பார்ட்டியோடு சண்டையில் இருப்பார்.