முதல் படியும் கடைசிப் படியும் மட்டும் தவறிப்போன இரும்புப் படிக்கட்டு

லயத்து மகள்
சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ஒற்றை மாடி வீடு. போன வருடம் பின்பக்கக் கூரையை உயர்த்தி, கூடத்தை இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்துவிட்டோம். அதில் பாதியை மட்டும் மூடுகிற மாதிரி இரும்புச் சட்டத்தில் ஒரு இடைமாடி. மேலே என் தையல் மேசையும் பிள்ளைகளின் படிப்பு மேசையும் இருக்கின்றன. ஏறிப்போக கூடத்தின் நடுவிலேயே இரும்புப் படிக்கட்டு. நடுவில் ஒரே தண்டு, அதன்மேல் பதினாறு தகடுகள், இடையில் திறந்த வெளி. சோபாவில் உட்கார்ந்தால் படிக்கட்டின் அடிப்பக்கம்தான் கண்முன்னே. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

குடி வந்த மூன்றாவது நாள், அம்மா மேலே இருந்து தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேலிருந்து முதல் அடி வைத்ததும் கால் எதிர்பார்த்ததைவிடக் கீழே போய்விட்டது. கம்பியைப் பிடித்துத் தப்பித்தார். தட்டுத்தடுமாறிக் கீழே வந்தால், கடைசிப் படியில் தரை சீக்கிரமே வந்து குதிகாலில் இடித்தது. "இந்தப் படிக்கட்டுக்குத் தலையும் காலும் சரியில்லை" என்றார்.

டேப் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். அடிப்படி 120 மில்லிமீட்டர், மேலே மாடியில் ஏறும் கடைசி உயரம் 202, நடுவில் உள்ள பதினைந்தும் அச்சு மாறாமல் 170. படம் வரைந்தவர் வரைபடம் சரி என்கிறார். படிக்கட்டு செய்தவர், வந்து அளந்துதான் செய்தேன் என்கிறார். இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை. அப்புறம் பிழை எங்கே?

சிமெண்டு
தங்கச்சி, அவர் அளக்க வந்த அன்று டைல் போட்டிருந்ததா? மேலே பலகை விரித்திருந்ததா?

லயத்து மகள்
இல்லை அண்ணே. கீழே வெறும் காங்கிரீட். மேலே வெறும் இரும்புச் சட்டம். கீழே பூச்சும் டைலும் சேர்ந்து 50 ஏறியது. மேலே சிமெண்டுப் பலகை 18, அதன்மேல் மரப்பலகை 14.

சிமெண்டு
அப்படியென்றால் பிழை அங்கேதான். 170-ஐ பதினேழால் பெருக்குங்கள், 2890 வரும். அதுதான் வெறும் காங்கிரீட்டிலிருந்து வெறும் இரும்பின் மேல்விளிம்பு வரை அவர் அளந்த உயரம். படிகள் பதினாறு என்றாலும் ஏறும் உயரங்கள் பதினேழு, ஏனென்றால் கடைசி ஏற்றம் மாடித் தரைக்கே போகிறது. அதை அவர் சரியாகத்தான் பிரித்திருக்கிறார்.

பிறகு கீழ்த்தரை 50 உயர்ந்து முதல் படியை விழுங்கியது, 120 ஆனது. மேல்தரை 32 உயர்ந்து கடைசி ஏற்றத்தில் சேர்ந்தது, 202 ஆனது. நம் மலேசியக் கட்டட விதியில் ஒரு படி 180-க்கு மேல் போகக்கூடாது, எல்லாப் படியும் ஒரே மாதிரி இருக்கவும் வேண்டும்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு 2872. வித்தியாசம் மொத்தமே 18 மில்லி. முதலிலேயே இந்த 2872-ஐப் பதினேழாகப் பிரித்திருந்தால் படிக்கு ஒரு மில்லிதான் குறைந்திருக்கும், யார் காலுக்கும் தெரிந்திருக்காது. அப்படிப் பிரிக்காததால் தரை ஏறியதெல்லாம் இரண்டு முனையிலும் போய் நின்றுகொண்டது. வரைபடத்தில் எஃப்.எஃப்.எல். என்று போட்டிருப்பார்கள், அது முடிந்த தரை. அவர் அளந்தது முடியாத தரை.

பால்மரம்
எங்கள் வீட்டிலும் தரை மட்டம்தான் பிரச்சினை. ரோடு மேலே, வீடு கீழே. பெரிய மழை வந்தால் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும். நீங்கள் மண் கொட்டி உயர்த்துவதுதான் நல்லது. நாங்கள் 100 உயர்த்தினோம், தண்ணீர் வருவது நின்றது. ஆனால் பழைய மரப்படியின் முதல் படி பாதி காணாமல் போனது, அப்பா இன்றும் அதில் தடுக்குகிறார்.

லயத்து மகள்
எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை ஐயா. ஆனால் அப்பா தடுக்குவது என் அம்மாவுக்கு நடந்ததேதான். பார்த்துக்கொள்ளுங்கள்.

தச்சன்
இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? எல்லாத் தகட்டின் மேலும் 30 மில்லி மரப்பலகை வைத்துவிடுங்கள். அழகாகவும் இருக்கும், மேல்படியும் சரியாகிவிடும்.

சிமெண்டு
தச்சன் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மேலே 202-லிருந்து 30 போனால் 172, நல்லது. கீழே 120-உடன் 30 சேர்ந்தால் 150. மற்றதெல்லாம் 170. அந்த 20 மில்லி கீழே அப்படியே இருக்கும், ஏறும்போது கால் அதை உணரும்.

பலகைக்கு அடியில், தகட்டின்மேல் ஒரு அண்டைத் துண்டும் வைத்து உயர்த்தினால் தீரும். முதல் படியில் 18 மில்லி அண்டை. மேலே போகப் போக மூன்று மூன்றாகக் குறைத்து 15, 12, 9, 6, கடைசிப் படியில் 3. பதினாறு படிக்கும் பங்கிட்டால், மூன்று படிக்கு ஒரு முறை அண்டை மாறும். கீழே 168, மேலே 169, நடுவில் 170, அண்டை மாறும் இடங்களில் மட்டும் 167. கூட்டிப் பாருங்கள், சரியாக 2872 வரும். தண்டை வெட்ட வேண்டாம், டைலைப் பெயர்க்க வேண்டாம்.

வெல்டிங் மாமா
நான் பட்டறைக்காரன், அந்தத் தம்பிக்காக ஒரு வார்த்தை. டைல் போட்ட பிறகு வந்தால் வெல்டிங் பொறி டைலைச் சுட்டுவிடும் என்று எங்களை முன்னாடியே கூப்பிடுகிறார்கள். டைல் எத்தனை மில்லி என்று யாரும் சொல்வதில்லை. நான் இப்போது டேப்பைத் தரையில் வைப்பதே இல்லை. முடிந்த தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு கோடு அடித்துத் தரச் சொல்வேன், தண்ணீர்க் குழாய் வைத்தோ லேசர் வைத்தோ. அந்தக் கோட்டிலிருந்து கீழேயும் மேலேயும் அளப்பேன். கோடு இல்லை என்றால் இரும்பு வெட்ட மாட்டேன்.

தங்கச்சி, உங்கள் படிக்கட்டைக் கீழேயிருந்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் அண்டை கண்ணுக்குத் தெரியும். கீழ்ப்படியில் தடித்தும் மேலே மெலிந்தும் ஒரு கோடு ஓடும். அண்டையைத் தகட்டின் விளிம்பிலிருந்து 20 மில்லி உள்ளே தள்ளி வையுங்கள், கறுப்பு அடியுங்கள், நிழலாகத் தெரியும். பலகையை அடியிலிருந்து திருகுங்கள், தகட்டின் ஓட்டை மர இழைக்குக் குறுக்காக நீண்டிருக்கட்டும். மரம் மழைக்காலத்தில் உப்பும், வட்ட ஓட்டை என்றால் பிளந்துவிடும்.

இன்னொன்று, தண்டின் பாதத்தகடு டைலுக்கு அடியில் புதைந்திருக்கும். மாப் போடும் தண்ணீர் அந்த விளிம்பு வழியாக இறங்கினால் துருப்பிடிக்கும். சுற்றி சிலிகோன் அடைத்துவிடுங்கள்.

தச்சன்
அண்டைக்கு பிளைவுட் போதும், திருக எளிது.

வெல்டிங் மாமா
செம்பனைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு பிளைவுட்டா? கரையான் வரும். 3 மில்லி இரும்புத் தகட்டை அடுக்கி வைப்பேன்.

தச்சன்
இரும்புக்கு மேல் இரும்பு என்றால் மிதிக்கும்போது சத்தம் வரும். நடுவில் ஏதாவது மெத்தென்று வேண்டும்.

லயத்து மகள்
நேற்று ஐந்து படிக்கு மட்டும் பலகையும் சிமெண்டுப் பலகைத் துண்டுகளும் வைத்துப் பார்த்தோம். திருகவில்லை, கிளாம்பு போட்டுத்தான். அம்மா கையை விட்டு அந்த ஐந்தையும் ஏறி இறங்கினார், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடியும் ஒரு முறை ஏறினார். பிறகு நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். மாமா சொன்ன மாதிரி உள்ளே தள்ளியும், கறுப்பு இன்னும் அடிக்காததால் முதல் படியில் கோடு தெரிகிறது. அதோடு பலகையின் அடிப்பக்கமும் தகட்டின் ஓரமாக எட்டிப் பார்க்கிறது, பூச்சில்லாத வெறும் மரமாக. அதற்கும் வார்னிஷ் பூசியாக வேண்டும், மேல்முகத்துக்கு மட்டும் என்று பேசியிருந்தேன். அண்டை இரும்பா, சிமெண்டுப் பலகையா என்று இன்னும் முடிவாகவில்லை. சிமெண்டுப் பலகையைத் திருகும் இடத்தில் நொறுங்காமல் வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை மரக்காரர் வருகிறார்.