காபி கிரைண்டர் பர் மாற்ற வேண்டுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குமுளியில் சின்னதாக ஒரு காபித்தூள் கடை வைத்திருக்கிறேன். 64 மி.மீ. தட்டை எஃகு பர் போட்ட கிரைண்டர். தினமும் 2 கிலோ, மாதம் 25 நாள். 14 மாதமாகிறது, அதாவது 700 கிலோ அரைத்தாயிற்று. இந்த அளவு பர் பொதுவாக 300 முதல் 600 கிலோ வரை வரும் என்கிறார்கள், வறுவலையும் கொட்டையையும் பொறுத்து.

முன்பு 8-இல் வைத்து அரைத்த பதத்துக்கு இப்போது 5-க்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ அரைக்க நேரமும் கூடிவிட்டது, தூள் சூடாக விழுகிறது. விரலில் தேய்த்தால் மாவும் குருணையும் கலந்து இருக்கிறது. அதனால்தான் ஃபில்டரில் டிகாக்ஷன் மெதுவாக இறங்கியும் சப்பென்று இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்ன சேட்டா, கொட்டையை மாத்திட்டீங்களா?" என்று கேட்டது மனதை உறுத்துகிறது.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கோ என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்கி, கழற்றி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். மாற்றமில்லை. பல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் சீவாமல் வழுக்குகிறது. டார்ச் அடித்தால் விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னுகிறது.

இரண்டு பர்ரையும் சேர்த்தே மாற்றப் போகிறேன். கேள்வி இதுதான்: பழையதைச் சாணை பிடித்துப் பயன்படுத்தியவர் யாராவது உண்டா? எத்தனை கிலோ தாங்கியது? அப்புறம், தேனி பக்கமோ கோட்டயம் பக்கமோ தட்டு இரண்டும் இணையாக உட்காரும்படி மாட்டித் தரும் மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள்.